சுத்தியல் இல்லாமல் பாறை படிக்கலாம்: ஜனக்புரியிலிருந்து ஒரு நாள் பள்ளிக் களப்பயணம், முழுத் திட்டம்

உங்கள் பிள்ளையோ, அக்கா பிள்ளையோ டெல்லியில் படிக்கிறார் என்று வையுங்கள். ஒரு நாள் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஒப்புதல் படிவம் வருகிறது: "பாறைகளைப் பற்றி அறிய ஒரு நாள் களப்பயணம். கையெழுத்திட்டு அனுப்பவும்." எங்கே போகிறார்கள், எத்தனை ஆசிரியர்கள், என்ன கருவி, யாருக்கு அடிபட்டால் என்ன செய்வார்கள் என்று அதில் எதுவும் இருக்காது. நாமும் பஸ் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய திட்டம் எப்படி இருக்கும்? தமிழர்கள் கணிசமாக வாழும் மேற்கு டெல்லியின் ஜனக்புரியை எடுத்துக்கொள்வோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. இங்கிருந்து எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்து, நாம் வரைந்த மாதிரித் திட்டம் இது. எந்தக் குறிப்பிட்ட பள்ளியின் திட்டமும் அல்ல.

ஜனக்புரியில் பாறையே இல்லையே, எங்கே போவது?

ஜனக்புரி நிற்பது வண்டல் மண் மேல். அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் மண்ணும் மணலும்தான் வரும். நடுநடுவே வெள்ளையாக, முண்டு முண்டாக ஒரு கல் கிடைக்கும். கங்கர் என்று அதைச் சொல்கிறார்கள். அது மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டு உருவானது. உண்மையான அடிப்பாறை மிக ஆழத்தில் இருக்கிறது. மேற்கு, தென்மேற்கு டெல்லியின் சில இடங்களில் 300 மீட்டர் வண்டலுக்கும் கீழே.

அதே பாறை கிழக்கே போனால் தரைக்கு மேலே எழுந்து நிற்கிறது. அதுதான் 'ரிட்ஜ்' என்று டெல்லிக்காரர்கள் சொல்லும் மேடு. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால். குவார்ட்சைட் என்ற உருமாறிய பாறையால் ஆனது. வயது 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஒரு காலத்தில் வெறும் மணலாக இருந்து, மணற்கல்லாக இறுகி, பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி வெந்து இறுகியது.

ரிட்ஜில் போவதற்கு இடங்கள் நிறைய உண்டு. எதற்குப் போகக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமில் 'ஆரவல்லி ஏரி' என்று தேடினால் டெல்லி–ஃபரிதாபாத் எல்லையில் நீலநிறத் தண்ணீரும் செங்குத்துப் பாறைச் சுவரும் கொண்ட படங்கள் வந்து குவியும். அவை இயற்கையான ஏரிகள் இல்லை. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள். கரை என்று ஒன்று கிடையாது. ஓரத்திலிருந்து ஓர் அடி வைத்தால் நேராக ஆழம்தான். அங்கே குளிக்கப் போன இளைஞர்கள் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பாறை அடுக்குகள் பளிச்சென்று தெரியும் இடம்தான் அது, ஆனால் 40 பிள்ளைகளோடு போகும் இடமல்ல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத்திலிருந்து இமாச்சலப் பிரதேசத்துக்குப் போன பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் பியாஸ் ஆற்றில் அடித்துச் சென்றது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்னி ஏரியில் படகு கவிழ்ந்து, பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர்கள் 12 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் இறந்தார்கள். பியாஸில் 'வந்ததுதான் வந்தோம்' என்று வழியில் சேர்த்துக்கொண்ட ஒரு நிறுத்தத்தில் உயிர்கள் போயின. அதனால் நம் திட்டத்தின் முதல் விதி: எழுத்தில் இல்லாத இடத்தில் பஸ் நிற்காது.

அப்படியானால் எந்த இடம்?

இரண்டே இடங்கள். காலையில் வசந்த் விஹாரில் உள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. மதியத்துக்கு மேல் ஸ்ரீநிவாஸ்புரி அருகே உள்ள அசோகர் பாறைக் கல்வெட்டு.

ஆரவல்லி பூங்கா, டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பில், டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வழிகாட்டலில் உருவானது. 1990களுக்கு முன்பு இதுவும் சுரங்கப் பகுதிதான். கல்லும் மைக்காவும் தோண்டி எடுத்தார்கள். இப்போது அந்தப் பள்ளங்களைச் செடிகொடிகள் மூடியிருக்கின்றன. நடைபாதை இருக்கிறது, வாசல் இருக்கிறது, காவலர் இருக்கிறார். சுரங்கம் கீறிவிட்டுப் போன பாறையின் உள்முகத்தை, சுரங்கத்தின் ஆபத்து இல்லாமல் பார்க்கலாம். ஜனக்புரியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான்.

வாசல் திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடும். அதனால் பூங்கா அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கும்போது, நுழையும் நேரம், வெளியேறும் நேரம், எந்தப் பாதை என்று மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டு வாங்குங்கள்.

அடுத்தது முன்பார்வை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில், அதே நேரத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேர் போய் நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் திரும்பி வரும்போது நான்கு விஷயங்கள் கையில் இருக்கணும்: பிள்ளைகள் நிற்கப்போகும் இரண்டு பாறைமுகங்களின் போட்டோ, கழிப்பறை இருக்கும் இடம், போன் சிக்னல் கிடைக்காத இடம், ஆம்புலன்ஸ் எந்த வாசல் வரை வரும் என்ற தகவல். பாறைமுகத்தைத் தேர்ந்தெடுக்க எளிய அளவு ஒன்று: நிற்கும் பிள்ளையின் தலைக்கு மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பாறைமுகம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, அடியில் புதிதாக உதிர்ந்த கற்கள் கிடக்கக் கூடாது. வெட்டுப்பட்ட முகம் பளிச்சென்றும், கீழே அதே நிறத்தில் கூர்மையான துண்டுகளும் தெரிந்தால், அந்த இடம் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எப்போது போகலாம்?

டெல்லியில் இதற்கு வாய்க்கும் ஜன்னல் சின்னது. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை காற்று மாசும் பனிமூட்டமும். ஏப்ரலிலிருந்து வெயில். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. பாறை வழுக்கும், புதரில் பாம்பு நடமாட்டம் கூடும். மிஞ்சுவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. தேர்வுக் காலத்தோடு மோதும்தான், அதனால் தேதியைத் தேர்வு அட்டவணை வரும்போதே சேர்த்துப் பேச வேண்டும்.

நிறுத்தும் விதியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். காலை 6 மணிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் பயணம் இல்லை. 201-லிருந்து 'மோசம்' என்ற வகை தொடங்குகிறது; ஆஸ்துமா உள்ள பிள்ளை மூன்று மணி நேரம் மேடு ஏறி இறங்க அது ஏற்ற காற்று அல்ல. இடி சத்தம் கேட்டாலும் அப்படியே, உடனே பஸ்ஸுக்கு. முடிவெடுப்பவர் ஒரே ஒருவர். அவர் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும். 'பஸ்ஸுக்குப் பணம் கட்டியாச்சே' என்ற பேச்சு காலையில் எழக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

சுத்தியல் ஏன் வேண்டாம்?

பாறை ஆய்வு என்றாலே சுத்தியல்தானே நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பயணத்தில் மாணவர் கையில் ஒரு சுத்தியல்கூடக் கிடையாது. காரணம் பாறையிலேயே இருக்கிறது.

குவார்ட்சைட் கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. நல்ல எஃகுக் கத்தி ஏறத்தாழ 5.5. அடித்தால் இந்தப் பாறை நொறுங்காது, கண்ணாடி போலச் சில்லாகத் தெறிக்கும். அடிப்பவர் கண்ணாடிக் கவசம் போட்டிருந்தாலும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு என்ன கவசம்? வீட்டிலிருந்து கொண்டுவந்த தச்சுச் சுத்தியல் இன்னும் மோசம். அதன் முகத்திலிருந்து எஃகே சில்லாகப் பறக்கும்.

இந்தக் கல்லை உடைத்துப் பிழைத்தவர்களுக்கு இன்னொரு விலை இருந்தது. தெற்கு டெல்லியின் லால் குவான் பகுதியில் கல் அரவை ஆலைகளில் வேலை பார்த்த பலருக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் நோய், குணப்படுத்த வழியில்லை. 1992-ல் உச்ச நீதிமன்றம் டெல்லியின் கல் அரவை ஆலைகளை நகரத்தை விட்டு வெளியேற்ற உத்தரவிட்டது. ஒரு நாள் களப்பயணத்தில் யாருக்கும் இந்த நோய் வராது, பயப்பட வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் தூசைச் சுவாசிப்பதால் வருவது. ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகள் பாறைக்கு முன்னால் நின்று கேட்பது நல்லது.

சட்டமும் இருக்கிறது. ரிட்ஜின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே கல் எடுப்பது குற்றம். கல்வெட்டு இருக்கும் இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனவே இரண்டு இடங்களிலிருந்தும் ஒரு சின்னக் கல்கூடப் பையில் வரக் கூடாது. வகுப்பறைக்கு மாதிரி வேண்டுமென்றால் ஜனக்புரியில் கட்டுமானம் நடக்கும் இடத்தில் கேட்டு ஒரு கைப்பிடி ஜல்லியும் சில கங்கர் முண்டுகளும் வாங்கிக்கொள்ளலாம். அவற்றைப் பயணத்தின்போதும் எடுத்துச் செல்லுங்கள், ஒப்பிட உதவும்.

சரி, உடைக்காமல் என்ன படிக்க முடியும்?

மூன்று சோதனைகள் போதும். ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றும் இதே மூன்றைச் செய்யும்.

முதலாவது, இது மணற்கல்லா குவார்ட்சைட்டா? பாதையோரம் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பார்க்க வேண்டும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் படம் தெளியும். பெரும்பாலானோர் லென்ஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. மணற்கல்லில் மணித்துகள்கள் தனித்தனியாகத் தெரியும், விரலால் தேய்த்தால் உதிரும். குவார்ட்சைட்டில் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியது போலிருக்கும். உடைந்த முகம் துகள்களைச் சுற்றிப் போகாமல் அவற்றை ஊடறுத்துப் போயிருக்கும். எஃகு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழாது. சாம்பல் நிறத்தில் ஒரு பளபளக் கோடு விழுந்தால், கல் கீறப்பட்டுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அது கல்லின் மேல் தேய்ந்த ஆணி. விரலால் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, வினிகர். ஆய்வகத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். சமையலறை வினிகர் ஒரு சொட்டு மருந்துக் குப்பியில் போதும். பள்ளியிலிருந்து கொண்டுவந்த கங்கரில் விட்டால் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். சுண்ணாம்பு என்பதற்கு அது அடையாளம். வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால் குமிழ் வர அரை நிமிடம் ஆகலாம்; கங்கரைக் கொஞ்சம் பொடித்து விட்டால் சட்டென்று தெரியும். குவார்ட்சைட்டில் விட்டால் ஒன்றும் நடக்காது. ஒரே நகரம், தங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு கல், 15 கிலோமீட்டரில் இன்னொரு கல் என்பது அங்கே கைமேல் புரிந்துவிடும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் சவாலானது: பாறை அடுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது? மணல் படியும்போது கிடையாகத்தான் படியும். இப்போது சாய்ந்திருக்கிறது என்றால் பிற்காலத்தில் பூமி அதை மடித்திருக்கிறது. அடுக்கின் மேல்முகத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது ஓடும் திசைதான் சாய்வுத் திசை. போன் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளலாம். கோணத்துக்கு, நடுவில் நூலும் நூல்முனையில் ஒரு சிறு நட்டும் கட்டிய பாகைமானி போதும். பக்கவாட்டில் நின்று, பாகைமானியின் நேர்விளிம்பை மேலே இருக்கும்படி பிடித்து, அதை அடுக்கின் சரிவுக்கு இணையாகக் கண்ணால் பொருத்த வேண்டும். கிடையாக இருந்தால் நூல் 90-ல் தொங்கும். எடுத்துக்காட்டாக 50-ல் தொங்கினால், 90-லிருந்து 50-ஐக் கழித்து, சாய்வு 40 பாகை.

இங்கே கட்டாயம் ஒரு குழப்பம் வரும். குவார்ட்சைட்டில் விரிசல்கள் மிக நேராக, தட்டையாக இருக்கும். பார்ப்பதற்கு அடுக்கு போலவே தோன்றும். நிறத்திலோ துகள் அளவிலோ மெல்லிய பட்டைகள் தெரிகின்றனவா பாருங்கள். அந்தப் பட்டைகளோடு இணையாகப் போவது அடுக்கு. பட்டைகளை வெட்டிக்கொண்டு போவது விரிசல். எட்டுக் குழுக்களின் அளவுகளையும் ஒரே தாளில் எழுதினால் தவறு தானே வெளியே தெரியும். ஆறு குழுக்களுக்கு ஏறத்தாழ ஒரே திசையும், இரண்டு குழுக்களுக்கு முற்றிலும் வேறு திசையும் வந்தால், அந்த இருவரும் விரிசலை அளந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கடைசியில் சாய்வுத் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, டெல்லி வரைபடத்தில் ரிட்ஜ் ஓடும் திசையோடு ஒப்பிடலாம். ரிட்ஜ் பொதுவாக வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகிறது. பாறை மடிந்திருப்பதால் ஓரிடத்தின் அளவு இதிலிருந்து விலகலாம். விலகினால் ஏன் என்று கேட்பதும் பாடம்தான்.

நடக்கும் வழியில் தரை மினுமினுத்தால் அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம்மூரில் காக்காப்பொன் என்று சொல்வோமே, அந்த மைக்காதான். சுரங்கக்காரர்கள் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பையில் என்னென்ன?

ஒவ்வொரு குழுவுக்கும்: கைலென்ஸ், எஃகு ஆணி, வினிகர் குப்பி, நூல் கட்டிய பாகைமானி, அளவுநாடா, ஒரு 10 ரூபாய் நாணயம். போட்டோ எடுக்கும்போது நாணயத்தைப் பாறை மேல் வைக்க வேண்டும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் பிறகு படத்திலிருந்தே அளந்துகொள்ளலாம். திசைகாட்டிக்கு ஆசிரியரின் போன் போதும். காந்த மூடி உள்ள போன் கவரைக் கழற்றிவிடுங்கள், பஸ் பக்கத்தில் நின்று அளக்காதீர்கள். இரண்டுமே திசையை மாற்றிக் காட்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும்: ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, நோட்டு, பென்சில், கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ. ஷூ விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரிட்ஜ் முழுக்கப் பரவியிருப்பது விலாயதி கீக்கர் என்ற முள்மரம். தமிழ்நாட்டில் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே சீமைக்கருவேலம்! அதன் முள் மெல்லிய கேன்வாஸ் ஷூவின் அடியைத் துளைத்துக் காலில் ஏறிவிடும்.

சாப்பாடு பஸ்ஸிலேயே இருக்கட்டும், பையில் வேண்டாம். குரங்குகள் பிளாஸ்டிக் கவர் சத்தத்துக்கே வந்துவிடும்.

முதலுதவிப் பெட்டியில் வழக்கமான பஞ்சு, பேண்டேஜ், கிருமிநாசினியோடு மூன்றைச் சேருங்கள்: கண் கழுவ உப்புநீர்ப் பாட்டில், சுளுக்குக்கு இழுபட்டை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். கண்ணில் தூசு விழுந்தால் தேய்க்காமல் உப்புநீரால் கழுவ வேண்டும். குத்தி நிற்கும் எதையும் எடுக்க முயலாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 112-ஐ அழைத்து, நேராகச் சஃப்தர்ஜங் மருத்துவமனை அல்லது எய்ம்ஸ். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எதற்கு ஒவ்வாமை என்ற பட்டியல் காகிதத்தில் இருக்க வேண்டும். போனில் மட்டும் இருந்தால் போதாது.

அந்த நாள் எப்படி நகரும்?

பெரியவர்கள் ஆறு பேர்: ஆசிரியர்கள் நால்வர், தன்னார்வலர்கள் இருவர். ஒருவர் எப்போதும் முன்னால், ஒருவர் எப்போதும் கடைசியில். மற்ற நால்வருக்கும் ஆளுக்கு இரண்டு குழுக்கள். பிள்ளைகளுக்கு 1 முதல் 40 வரை எண். தலையை எண்ணுவதற்குப் பதில் அவர்களே வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். யார் இல்லை என்பது அப்போதே தெரியும். பஸ் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு நிறுத்தத்தின் முடிவிலும் இது நடக்க வேண்டும்.

- 7:30 – பள்ளியில் கூடுதல், ஷூ, தண்ணீர் சோதனை
- 7:45 – புறப்பாடு
- 8:45 – பூங்கா; கழிப்பறை, பத்து நிமிடப் பாதுகாப்புப் பேச்சு
- 9:15 – முதல் பாறைமுகம்: லென்ஸ், ஆணி, வினிகர்
- 10:20 – இரண்டாம் பாறைமுகம்: சாய்வு அளத்தல், எட்டுக் குழு ஒப்பீடு
- 11:30 – பஸ்ஸுக்குத் திரும்பிச் சாப்பாடு
- 12:15 – ஸ்ரீநிவாஸ்புரிக்கு
- 1:15 – அசோகர் கல்வெட்டு, 40 நிமிடம்
- 2:00 – திரும்புதல். டிராஃபிக்கைப் பொறுத்து 3:30-க்குள் ஜனக்புரி

மதியத்து நிறுத்தம் எதற்கு? 1966-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் கல்வெட்டு, காலையில் பார்த்த அதே ஆரவல்லிப் பாறையின் மேல் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டது. பொ.ஆ.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2,200 ஆண்டுகளுக்கும் மேலான மழையும் வெயிலும் பட்டும், தேய்ந்த நிலையிலாவது எழுத்து மிஞ்சியிருக்கிறது. காலையில் ஆணி ஏன் கீறவில்லை என்ற கேள்விக்கு இதுவே இன்னொரு பதில். அதோடு, எழுத்து ஏன் கோணல்மாணலாக இருக்கிறது என்றும் கேளுங்கள். இவ்வளவு கடினமான, சமமில்லாத பாறையில் உளி பிடித்தவரின் சிரமம் பிள்ளைகளுக்கு இப்போது புரியும். தொடக் கூடாது, சுண்ணக்கட்டியால் எழுத்தைப் பளிச்சிடவைக்கக் கூடாது.

சென்னையில் இருந்தால்?

இதே திட்டத்தைப் பல்லாவரத்துக்கு மாற்றலாம். அங்கே கிடைப்பது சார்னகைட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்து, ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர். பல்லாவரத்துப் பாறை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று. அங்கேயும் கல் எடுக்கக் கூடாது, கைவிட்ட குவாரிக் குட்டைகளின் பக்கம் போகக் கூடாது. அங்கே அடுக்குச் சாய்வுச் சோதனை மட்டும் நேராகப் பொருந்தாது. சார்னகைட் மணல் படிந்து உருவான பாறை அல்ல.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய ஐந்து

1. இடங்களின் பெயர்கள் என்ன? முன்பே போய்ப் பார்த்தது யார்?
2. வழியில் தண்ணீர்நிலை, குவாரி, பள்ளம் ஏதாவது உண்டா?
3. சுத்தியலோ அமிலமோ பயன்படுத்துகிறார்களா? யார் கையில்?
4. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்?
5. பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவில்?

ஐந்தாவதற்கு 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.